உயர வரிசை

நான் பள்ளி நர்ஸ். காயத்துக்குக் கட்டுப் போடத் தெரியும், மேடையில் பேசத் தெரியாது. ஆனாலும் போன திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பேசி இறங்கியபோது எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மாணவிகளின் பைகளில் பிடிபட்ட ஏழு முகப்பூச்சு பாட்டில்களை மேசையில் அடுக்கி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியிருந்தேன். இது ஆசிட், தோலை உரிக்கும். இது ரெட்டினால், சுருக்கம் போகப் பூசுவது, உங்கள் வயதுக்குத் தேவையே இல்லை. போனில் யாரோ பூசுகிறார்கள் என்று நீங்களும் பூசாதீர்கள். எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சிலர் குறிப்புகூட எடுத்தார்கள். மாலையில் பாட்டில்களை உரியவர்களிடமே கொடுத்தேன், புத்திசாலி!

வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். கன்னமெல்லாம் சிவந்து உரிந்திருந்தது. தண்ணீர் பட்டாலே எரிகிறது என்று அழுதார்கள். ஏழு பாட்டிலையும் பங்கு போட்டு நான்கு நாள் பூசியிருக்கிறார்கள்.

"எந்த மகராசி சொல்லிக் குடுத்தா?"

ஒருத்தி ஒரு தாளை நீட்டினாள். எதை முதலில், எதை அடுத்துப் பூசுவது என்று ஒன்று முதல் ஏழு வரை, அவர்கள் வகுப்பிலேயே படிக்கும் என் மகளின் கையெழுத்தில்.

"நர்ஸ் பொண்ணு சொன்னா சரியாத்தானே இருக்கும், மிஸ்?"

வீட்டில் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீங்கதாம்மா வரிசையா வெச்சீங்க. போட்டா இந்த வரிசைலதான் போடணும் போலன்னு நெனச்சேன்."

"போடாதேன்னுதானேடி சொன்னேன்!"

"நீங்க எனக்கு ஒரு பாட்டில்கூட வாங்கித் தரல. அவங்ககூடச் சேர எங்கிட்ட இருந்தது அந்த வரிசை ஒண்ணுதான்."

அடிக்க ஓங்கிய கையை நான் என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கினேன்.

இன்று மறுபடி கூட்டம். மேடைப் படியில் தலைமை ஆசிரியை என் காதருகே வந்தார். "உங்க பொண்ணுதான் எழுதிக் குடுத்தான்னு சொல்லிடுங்க. ஒரு வாரம் சஸ்பெண்ட், அதோட முடியும். இல்லேன்னா பழி ஸ்கூல் தலையில விழும். அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

மைக்கைப் பிடித்தேன். மூன்றாம் வரிசையில் மகள் தலை குனிந்து நின்றாள். கன்னம் உரிந்த ஐவரில் ஒருத்தி அவளிடமிருந்து அரையடி தள்ளி நின்றாள்.

"போன வாரம் அந்த பாட்டிலையெல்லாம் எப்படி அடுக்கினேன் தெரியுமா? உயர வரிசையில. குட்டை முதல்ல, நெட்டை கடைசில. பார்க்க அழகா இருக்கட்டும்னு. அதுல வேற ஒரு அர்த்தமும் இல்ல."

யாரோ சிரித்தார்கள். தலைமை ஆசிரியை செருமினார். நான் நிறுத்தவில்லை.

"உங்களைப் பூசாதீங்கன்னு சொல்லிட்டு, போன்ல வர்றவங்க மாதிரியே மேசை போட்டுக் காட்டினது நான். அஞ்சு பேர் முகம் உரிஞ்சது என் தப்பு. எழுதினவ என்னை நம்பி எழுதினா."

சிரிப்பு நின்றது. தலைமை ஆசிரியை மைக்குக்குக் கை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

இறங்கும்போது மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். கன்னம் உரிந்த பெண் அந்த அரையடியைக் கடந்து என் மகளை ஒட்டி வந்திருந்தாள்.