பொத்தானில் ஓடிய கொடி

கலைச்செல்வனின் போட்டோவை அரியலூரிலும் பெரம்பலூரிலும் பார்க்காத பெண் வீடே இல்லை என்று ஆகிவிட்டது. 1999-இல் எடுத்த படம். வெள்ளையில் நீலக்கட்டம் போட்ட சட்டை, தலை நிறைய முடி, ஒட்டின வயிறு. ஐந்து வருஷத்தில் பத்து வீட்டுக்குப் போய், பத்து வீட்டிலிருந்தும் ஜாதகத்தோடு பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. இந்தப் பக்கம் பெண் வீட்டுக்காரர்கள் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லுவதில்லை. போட்டோ திரும்பி வந்தால் அதுதான் பதில்.

தரகர் செல்லப்பன் ஒரு நாள் கலைச்செல்வனின் போட்டோ ஸ்டூடியோவுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, பதினோராவதா ஒரு நல்ல எடம் வந்துருக்கு. பெரம்பலூர் ஜவுளிக்கடை குழந்தைவேல் மவ. ஆனா இந்தக் கட்டம் போட்ட சட்டையத் தூக்கிட்டு நான் இனிமே ஒரு வூட்டுப் படி ஏற மாட்டேன். கொடுத்ததுமே 'அட, இது போன வருசம் பாத்த மாப்ளயாச்சே'ங்கறாங்க. புதுசா ஒண்ணு எடு."

புதுசாக எடுப்பதில்தான் சிக்கல். ஊரையே அழகாக எடுத்துக்கொடுக்கிறவன் தன்னைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தான். முடி பின்வாங்கியிருந்தது. வயிறு முன்வந்திருந்தது. முகத்தை விட்டுக்கொடுக்க மனசில்லை, சட்டையை மட்டும் மாற்றுவோம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

வேலையில் அவன் கெட்டிக்காரன்தான். பழைய பிரிண்டை ஸ்கேன் செய்து சட்டையைச் சுற்றி ஓரம் பிசகாமல் வெட்டுக்கோடு போட்டான். கட்டத்தை அழிப்பதுதான் முதல் வேலை. படத்தின் நீலத்தை மட்டும் பிரித்துக் காட்டும் நீலச் சேனலில் நீலக்கட்டம் வெளிறிப்போய்த் தெரியும். அந்தச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டால் கட்டம் முக்கால்வாசி காணாமல் போகும், மடிப்பும் நிழலும் மட்டும் மிஞ்சும். மிச்சக் கட்டத்தைத் தொட்டுத் தொட்டு மறைத்தான். அந்தக் கறுப்பு வெள்ளைச் சட்டையை லேசாய் மங்கவைத்துத் தனி ஃபைலாக வைத்தான். மேலே காபி நிறக் கொடி ஓடும் டிசைனை விரித்து, அந்த ஃபைலைக் காட்டி நெளியச் சொன்னான். எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்று பார்த்து டிசைனை இங்கும் அங்கும் தள்ளிவிடும் வித்தை அது. தட்டையாய் இருந்த கொடி நெஞ்சில் ஏறி, அக்குள் மடிப்பில் இறங்கி, கை வளைவில் சுற்றிக்கொண்டது. கடைசியாகக் கொடியைச் சட்டை மேல் கலந்ததும் நிழலெல்லாம் அதன் வழியே எட்டிப் பார்த்தது. பெற்ற அம்மாவே ஏமாந்தாள்.

"எப்படா வாங்குன இந்தச் சட்டைய? எங்கிட்ட காட்டவே இல்ல?"

ஜாதகத்தோடு போட்டோ போய் எட்டாம் நாள், பெண் பார்க்க வரச்சொல்லித் தகவல் வந்தது. பத்து வீட்டில் ஒன்றுகூட இந்த அளவுக்கு வந்ததில்லை. கலைச்செல்வனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் குழந்தைவேல் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, வரவேற்க வந்தவரின் கும்பிட்ட கை அப்படியே நின்றது. அவர் செல்லப்பனிடம், "மாப்ள பின்னாடி வர்றாருங்களா?" என்று கேட்டார்.

"இவருதாங்க மாப்ள!"

குழந்தைவேல் மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வருஷம் துணி அளந்த கண். கலைச்செல்வன், "காமாலை வந்து மருந்து சாப்ட்டங்க, கொஞ்சம் ஊதிட்டேன்" என்று முணுமுணுத்தான். அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். மகனுக்குக் காமாலை வந்த சேதியே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

காபி வந்தது. குழந்தைவேல் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, அந்தக் கொடி போட்ட துணி எங்க எடுத்தீங்க? ஒரு வாரமா ஈரோட்டு ஏஜென்டுங்கள எல்லாம் போட்டோவக் காட்டிக் கேட்டுட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல. எந்த மில்லு?"

கலைச்செல்வன் டம்ளரைக் கீழே வைத்தான். "திருச்சிங்க."

"திருச்சியில எந்தக் கடை? எனக்குத் தெரியாத கடையா?"

"அது... மூடிட்டாங்க."

அப்போதுதான் உள்ளிருந்து பெண் வந்தாள். ஜெயலட்சுமி. கையில் தட்டு இல்லை, அவன் போட்டோ இருந்தது. கடைக்குப் பின்னால் நாலு மிஷின் போட்டு ஆம்பளைச் சட்டை தைக்கிறவள் என்பதைச் செல்லப்பன் சொல்ல மறந்திருந்தார்.

"ஏஜென்டுங்களுக்குத் தெரியாதுப்பா. இப்படி ஒரு சட்டை லோகத்துலயே கெடையாது" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "பொத்தானப் பாருங்க. மூணாவது பொத்தான் மேல பாதி இல ஏறியிருக்கு. பொத்தான்ல யாருங்க கொடி வரைவாங்க?"

செல்லப்பன் எட்டிப் பார்த்தார். ஏறித்தான் இருந்தது.

"காலர் தனித் துணி, மடிச்சுத் தைக்கிறது. அதுல கொடி ஒரு தினுசா ஓடும், ஒடம்புல ஒரு தினுசா ஓடும். இங்க தோள்ல இருக்கிற கொடி நேரா காலர்ல ஏறிப் போவுது. கை தனி, பை தனி. எங்கயும் தையல் எடத்துல டிசைன் ஒடயல. ஒரே துணிய இவரு மேல போத்திப் பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு."

கலைச்செல்வன் மூன்று நாள் உட்கார்ந்து செய்த வேலை. மடிப்பைப் பார்த்தான், நிழலைப் பார்த்தான். சட்டை என்பது பல துண்டு என்பதைப் பார்க்கவே இல்லை. காலரைத் தனியாக, பையைத் தனியாக, கையைத் தனியாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் டிசைனைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். பொத்தானை விட்டுவிட்டிருக்க வேண்டும்.

"சட்டையே பொய்யா?" குழந்தைவேல் எழுந்துவிட்டார். "அப்ப மூஞ்சி எந்த வருசத்துது?"

"தொண்ணூத்தொம்போதுங்க" என்றான் கலைச்செல்வன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "காமாலையும் வரலைங்க."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். செல்லப்பன் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று கண்ணால் தேடினார்.

ஜெயலட்சுமி மட்டும் போட்டோவைக் கீழே வைக்கவில்லை. "அக்குள்ல மடிப்புக்குத் தக்கன கொடி நெளியுதே, அத எப்படி வரைஞ்சீங்க?"

"வரையலைங்க. சட்டையோட நிழலயே கம்ப்யூட்டருக்குக் காட்டுனா அதுவே நெளிக்கும்" என்று ஆரம்பித்தவன், நீலச் சேனலிலிருந்து முழுதும் சொல்லி முடித்துத்தான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை நினைத்தான்.

"இன்னைக்கு இருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள் அவள். "எதையும் தொடாம."

மறுநாளே எடுத்தான். அதே நீலக்கட்டச் சட்டையைப் பெட்டியிலிருந்து தேடியெடுத்துப் போட்டுக்கொண்டான். வயிற்றுப் பொத்தான் மாட்டவில்லை. மாட்டாத பொத்தானோடே எடுத்துச் செல்லப்பனிடம் கொடுத்தான். அவர், "இதக் காட்டித்தான் நான் சம்பந்தம் பேசணுமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பதினைந்து நாள் ஒரு சேதியும் இல்லை. பதினாறாம் நாள் செல்லப்பன் ஒரு பார்சலோடு வந்தார். "பெரம்பலூர்லேர்ந்து. பதில் உள்ள இருக்குன்னாங்க" என்றார், கண்ணைப் பார்க்காமல்.

பிரித்தான். சட்டை. வெள்ளையில் காபி நிறக் கொடி. அச்சு அதே டிசைன் இல்லை, அதற்குத் தங்கச்சி மாதிரி ஒன்று. போட்டுப் பார்த்தான். கழுத்தும் தோளும் வயிறும் டேப் வைத்து அளந்தது போல உட்கார்ந்தன. பெண் பார்க்கப் போன அந்த அரை மணி நேரத்தில் கண்ணாலேயே அளந்திருக்கிறாள். பொத்தான் ஆறும் வெறும் வெள்ளை. காலரில் கொடி வேறு திசையில் ஓடியது. ஆனால் பை? பையைக் காணோம். நெகட்டிவ் பார்க்கும் லென்ஸை வைத்துத் தேடினான். நெஞ்சில் ஓடிய கொடி இலை பிசகாமல் பை மேல் ஏறி இறங்கியிருந்தது. மூன்று நாள் மவுஸ் பிடித்தும் அவனுக்கு வராததை ஊசியால் செய்திருந்தாள்.

விரலை உள்ளே விட்டான். கெட்டியாய் ஒரு அட்டை தட்டுப்பட்டது. போட்டோ.

அம்மா அலறினாள். "போச்சுடா! திருப்பி அனுப்பிட்டாளா?"

வெளியே எடுத்தான். தொண்ணூத்தொன்பதாம் வருஷத்து முகம், பொத்தானில் ஓடும் கொடி. மூன்றாவது பொத்தானைச் சுற்றி, துணியில் குறிபோடும் மார்க் பென்சிலால் ஒரு வட்டம்.

பார்சலைக் கவிழ்த்து உதறினான். ஜாதகம் விழவில்லை. பொத்தான் மாட்டாத போட்டோவும் விழவில்லை. இரண்டும் அவளிடமே தங்கிவிட்டன.