தண்ணீருக்குள் இருக்கும் பாதி ஊர்

மாப்பிள்ளை வரைபடத்தில் போட்ட எல்லைக் கோட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் தங்கையைக் கட்டியவர், தங்கமான மனிதர், எதிர்க்கரை மாவட்டத்து நில அளவை அலுவலகத்தில் என்னைப் போலவே வரைபடம் போடுபவர். அதற்காக ஒரு ஊரையே தூக்கி இடம் மாற்றி வைப்பதா?

இரண்டு மாவட்டங்களுக்கும் ஆற்றின் நடுவே எல்லை. அணை கட்டியதும் ஆறு நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, எல்லை போகவில்லை. அரசு வேறு ஆணை போடும்வரை, தண்ணீருக்கடியில் கிடக்கும் பழைய ஆற்றுத் தடமே எல்லை. இவரோ இப்போதுள்ள நீர்ப்பரப்பின் நட்டநடுவில் கோட்டை இழுத்திருந்தார். ஆறு அவர்கள் கரையை ஒட்டி ஓடியது, தண்ணீர் பரவியதோ எங்கள் பக்கத்துச் சமவெளியில். பாதி மூழ்கி, மேட்டில் மட்டும் வீடுகள் மிச்சமிருக்கும் எங்கள் மாவட்டத்து ஊர் ஒன்று, அவர் கோட்டால் அவர்கள் பக்கம் போய்விட்டது.

"என்ன மாப்பிள்ளை, கண்ணை மூடிக்கிட்டா போட்டீங்க?" என்று போனில் கத்தினேன்.

"ஆத்து நடுன்னுதானே அக்கா இருக்கு? ஆத்தைக் காணோம், இருக்கிற தண்ணியில போட்டேன்!"

அன்றே கூட்டு ஆய்வு. எங்கள் வருவாய் அதிகாரியும் நானும் படகில் அந்த மேட்டுக்குப் போனோம். எதிர்க்கரையிலிருந்து மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். படகு நிற்குமுன்னே ஊர்த்தலைவி ஓடி வந்தார். பின்னால் ஊரே திரண்டிருந்தது.

"எங்களை அந்தப் பக்கம் சேத்துட்டீங்களாமே! அவங்க ஆபீஸ்ல ஒட்டின படத்துல பாத்தோமே!"

சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், பார்த்தால் எல்லார் முகத்திலும் சிரிப்பு. எதிர்க்கரை கைக்கெட்டும் தூரம். எங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு வர வேண்டுமென்றால் இவர்கள் நீர்த்தேக்கம் முழுதும் கடந்து, பஸ் பிடித்து, ஒரு நாளைத் தொலைக்க வேண்டும். மாப்பிள்ளை மெல்ல என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"அது தப்பாப் போட்ட கோடும்மா," என்றேன். "படத்துல மாறினா ஊர் மாறாது. நிலக் கணக்கு எங்ககிட்ட இருக்கு. இந்தப் படத்தை விட்டு வெச்சா, அவங்க உங்களை எங்ககிட்ட அனுப்புவாங்க, நாங்க அவங்ககிட்ட அனுப்புவோம்."

ஊரே வாடிப்போயிற்று. தலைவி மட்டும் அசரவில்லை.

"அப்போ முறைப்படி மாத்திக் குடுங்கன்னு கேக்கலாம்ல?"

"கேக்கலாம்," என்றார் அதிகாரி. "இந்த எல்லை பத்தி அரசு வரைவு அறிவிப்பு போட்டிருக்கு. மனு குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியறவரைக்கும் எந்த எல்லையையும் தொட முடியாது."

அவ்வளவுதான், மேடு அல்லோலகல்லோலப்பட்டது. பள்ளி அறையில் ஒருத்தி எழுத, நாலு பேர் திருத்த, வலையோடு போனவர்களைக் கரையிலிருந்து கூவி அழைத்தார்கள். ஈரக் கையோடு வந்து கையெழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளையின் பேனாவைப் பிடுங்கி நானே வரிசையில் நீட்டிக்கொண்டிருந்தேன். அப்படியொரு உற்சாகம் எனக்கு! காலையில் யார் மீது எரிந்து விழுந்தேன் என்பதே மறந்துவிட்டது.

அதிகாரி மனுவைப் படித்தார்.

"மேடு மட்டும்னா இப்பவே பரிந்துரை பண்றேன். மூழ்கின பகுதி நம்ம மாவட்டத்துலயே இருக்கட்டும். அங்க மீன் ஏலப் பணம் நமக்கு வருது."

"அப்போ எங்க ஊர் என்ன ஆகும்?" தலைவி என்னைப் பார்த்துக் கேட்டார்.

சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னேன். மூழ்கினாலும் கிராமம் கணக்கிலிருந்து தானாக அழியாது, ஆளில்லாக் கிராமம் என்று பட்டியலில் நிற்கும். பிரித்தால் பழைய பெயரும் எண்ணும் தண்ணீருக்குள் இருக்கும் பகுதிக்குத்தான். மேடு புதுப் பெயரோடு அந்தப் பக்கம் போகும்.

மேடு மட்டும் என்று ஒப்புக்கொண்டால் வேலை முடிந்தது. பிடிவாதம் பிடித்தால் இன்றைய நாளும் கைவிட்டுப் போகலாம்.

"முழு ஊரும் வேணும்," என்றார் தலைவி.

"தண்ணிக்குள்ள யாருமே இல்லையேம்மா, அது எதுக்கு உங்களுக்கு?" என்றார் அதிகாரி, மனுவைப் பார்த்தபடி.

"எங்க வீட்டுக்காரர் இருக்கார்."

அதிகாரி நிமிர்ந்தார்.

"தண்ணி ஏறுறதுக்கு முந்தின வருஷம் அங்கதான் புதைச்சோம். இங்க எல்லாருக்கும் அங்க ஒருத்தராவது இருக்காங்க. அவங்களை உங்க மாவட்டத்துல விட்டுட்டு நாங்க மட்டும் போகவா சார்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. அதிகாரி மனுவைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு அதன் ஓரத்தில், 'மூழ்கிய பகுதி உட்பட முழு கிராமத்தையும் மாற்றப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மாப்பிள்ளை வரைபடத்தை விரித்துப் பென்சிலை என்னிடம் தந்தார். தலைவி அருகில் குனிந்து, நீலமாய்க் கிடந்த பரப்பில் விரலை ஊன்றி, "இங்கதான் இருக்கார்," என்றார். நான் அவர் விரலும் உள்ளே வரும்படி புது எல்லைக் கோட்டைச் சுற்றிக் கொண்டுபோனேன்.