பன்னிரண்டரைச் சுற்று

பயிற்சியாளர் மணியனுக்குக் காய்ச்சல் வர வேறு நாளே கிடைக்கவில்லை. கஜகஸ்தான் வந்து இறங்கிய மறுநாளே போர்வைக்குள் முடங்கிவிட்டார். அதனால் பரணியின் ஐயாயிரம் மீட்டர் ஐஸ் ஸ்கேட்டிங் ஓட்டத்துக்குச் சுற்று நேரம் காட்டும் பலகை அவன் அக்கா கிருத்திகாவின் கைக்கு வந்தது. துணைக்கு என்று வந்தவள் அவள் ஒருத்திதான்.

"பலகையில அந்தச் சுத்தோட நேரத்தை மட்டும் எழுதிக் காட்டுங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க" என்று மணியன் கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பினார். நானூறு மீட்டர் பனித்தடத்தில் ஐயாயிரம் என்பது பன்னிரண்டரைச் சுற்று. முதலில் அரைச் சுற்று, நின்ற இடத்திலிருந்து கிளம்புவதால் மெதுவாகத்தான் போகும். அதற்கு இருபத்தோரு விநாடி. பிறகு பன்னிரண்டு சுற்று, ஒவ்வொன்றும் முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் கீழே. அப்படியே பிடித்துப் போனால் ஏழு நிமிடம் இருபது விநாடிக்குள் முடியும். அதற்குள் முடித்தால்தான் தேசிய அணியில் இடம். முடிக்காவிட்டால் ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு அவிநாசி ரோட்டில் இருக்கும் குடும்பப் பனியன் கம்பெனிக்கு வந்துவிட வேண்டும் என்பது அப்பா நாச்சிமுத்துவோடு பரணி செய்துகொண்ட பேச்சு. ரோலர் ஸ்கேட்டில் தொடங்கிப் பனிவரை வந்தவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

கிருத்திகாவும் லேசுப்பட்டவள் இல்லை. கம்பெனியில் பிளானிங் முழுக்க அவள்தான். காலையில் இரண்டு மணி நேரத் தையலைப் பார்த்துவிட்டு, ஆர்டர் என்றைக்குக் கப்பல் ஏறும் என்று சொல்லிவிடுவாள். கணக்கென்று வந்தால் கை சும்மா இருக்காது. அதுதான் வினையாகப் போயிற்று.

எதிர்ப்பக்கத்து நேர்த்தடத்தின் ஓரம் நின்றுகொண்டாள். பரணி கிளம்பினான். அரைச் சுற்று இருபத்தொன்று. அடுத்த இரண்டு சுற்றும் முப்பத்து நான்கு புள்ளி ஏழு. மணியன் கண்டிருந்தால் காய்ச்சலே இறங்கியிருக்கும். ஆனால் கிருத்திகா போனில் மொத்தத்தைத் தட்டினாள். தொண்ணூறு புள்ளி நான்கு விநாடி, போனது இரண்டரைச் சுற்று. வகுத்தாள்; சுற்றுக்கு முப்பத்தாறுக்கு மேல் வந்தது. பன்னிரண்டரையால் பெருக்கினாள். ஏழு முப்பத்திரண்டு.

பன்னிரண்டு விநாடி துண்டு விழுகிறது, மீதம் பத்துச் சுற்று. கம்பெனியில் தையல் லைன் பின்தங்கினால் அடுத்த மணி நேரத்திலேயே விரட்டிப் பிடிக்க வேண்டும், சாயங்காலம் வரை விட்டால் ஆகாது. அவள் அறிந்த உலகத்தில் அதுதான் நடைமுறை. பரணி பக்கத்தில் வந்தபோது பலகையை உயர்த்தி, "பத்தாதுடா, முப்பத்து மூணரைல போ" என்று கத்தினாள்.

அக்கா சொன்னால் பரணிக்கு மறுபேச்சு கிடையாது. மூன்று சுற்று பறந்தான். கிருத்திகாவின் கணக்கு ஏழு பதினான்கு என்றது. அவள் சிரித்தேவிட்டாள்.

அடுத்த சுற்றில் முப்பத்தைந்தைத் தாண்டினான். பிறகு முப்பத்தாறு. அதற்கு மேல் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. முதுகு நிமிர்ந்து, வளைவுகளில் வெளியே தள்ளாடினான். பலகையில் முப்பத்தேழு என்று எழுதிக் காட்டினாள். ஏழு இருபத்தாறில் முடித்துவிட்டு, தடத்தைச் சுற்றியிருந்த மெத்தைச் சுவரில் போய்ச் சாய்ந்தான்.

உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில்தான் அவளுக்கு உறைத்தது. அரைச் சுற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, முப்பத்து நான்கு புள்ளி ஏழைப் பன்னிரண்டால் பெருக்கி, பிறகு அந்த இருபத்தொன்றைக் கூட்டினாள். ஏழு பதினேழு. அவன் பாட்டுக்கு விட்டிருந்தாலே போதும். மறுபடி பெருக்கினாள். அதே பதினேழுதான். அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

உள்ளே பரணி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கால் போய்விட்டது, தனக்கு இவ்வளவுதான், திங்கட்கிழமை கம்பெனிக்கு வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பேசாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று வாசலில் நின்ற கிருத்திகாவுக்குத் தோன்றியது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"தப்பு கால்ல இல்லீங்கப்பா. என்ற கணக்குலதானுங்க" என்றாள். கிளம்புகிற நேரத்தையும் சேர்த்துச் சராசரி போட்டதைச் சொன்னாள்.

போனில் அப்பாவுக்குப் பின்னால் மெஷின்கள் ஓடுவது கேட்டது.

"ஒருக்கா மட்டும் ஆகிற மெஷின் செட்டிங் நேரத்தை எல்லாப் பீஸ் தலைலயும் ஏத்திட்டயா கண்ணு?" என்றார் நாச்சிமுத்து. "அப்படிப் போடச் சொல்லி உனக்குப் பழக்குனதே நாந்தான?"

பரணி கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் பிடிச்ச பிடியிலேயே போயிருந்தா வந்திருக்குமாக்கா?"

"வந்திருக்கும்டா" என்றாள்.

அவன் தலையாட்டினான். குனிந்து, மற்றொரு காலின் கயிற்றையும் அவிழ்க்கத் தொடங்கினான்.