முந்நூற்றுப் பத்து கேபி

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பதினோரு வருடமாக ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். பெயர் தௌசிப். "தௌசிப் கிட்ட போனா ஃபைல் ஏறிடும்" என்று சிப்காட் வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சில் எனக்குக் கொழுப்பு ஏறியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பேரிகை கிராமத்திலிருந்து சுகுணா வந்தது விண்ணப்பத்தின் கடைசி நாள் மதியம். தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை. அரசு மருத்துவமனையில் ஆய்வக உதவியாளர் பணிக்கு அறிவிப்பு வந்திருந்தது. வயது வரம்பு முப்பத்தேழு, அவளுக்கு முப்பத்தேழு நடக்கிறது. இதை விட்டால் அடுத்தது கிடையாது.

"என் தம்பி போன்ல ஸ்கேன் பண்ணிக் குடுத்தான்ணா. ஏறவே மாட்டேங்குது."

அனுபவச் சான்றிதழைப் போன் ஆப்பில் கலரில், உயர்ந்த தரத்தில் எடுத்திருந்தான். ஒரே பக்கம், நாலரை எம்பி. விண்ணப்பத் தளம் வாங்குவது ஐநூறு கேபி வரைக்கும்தான்.

"ஏமா, கல்யாண ஆல்பமா போடுறீங்க? ஒரு பேப்பருக்கு எதுக்கு இத்தன கலரு?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அசல் தாளை வாங்கி ஸ்கேனரில் வைத்தேன். கடையில் எப்போதும் ஒரே செட்டிங்தான்: நூற்றைம்பது டிபிஐ, பிளாக் அண்ட் ஒயிட். ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம், எல்லாவற்றுக்கும் அதுவே. நாற்பத்திரண்டு கேபி வந்தது. எண்ணைப் பார்த்தேன், ஏற்றினேன், சமர்ப்பித்தேன். ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை. பதினோரு வருடமாக நான் பார்ப்பது எண்ணை மட்டும்தான்.

"ஏறிடுச்சாண்ணா?"

"நாற்பத்திரண்டே கேபி. பாத்தீங்களா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து முடிவு பார்க்க வந்தாள். திரையில் ஒரே வரி: அனுபவச் சான்றிதழில் நிறுவன முத்திரை இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடு கிடையாது என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது.

சுகுணா கையிலிருந்த அசலைப் பிரித்தாள். முத்திரை இருந்தது. மை வற்றிப்போன பேடில் குத்தியது, வெளிர் ஊதாவில், ஆனாலும் வட்டமும் பெயரும் தெளிவாகவே தெரிந்தன.

"இருக்குதேண்ணா. கண்ணு இல்லையா அவங்களுக்கு?"

நான் ஏற்றிய ஃபைலை முதல் முறையாகத் திறந்தேன். எழுத்துகள் கரியாக இருந்தன, கறுப்புப் பேனாக் கையெழுத்தும் இருந்தது. முத்திரை இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. அந்த செட்டிங்கில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் எதுவும் கிடையாது. வெளிர் ஊதாவை மெஷின் வெள்ளை என்று தள்ளிவிட்டது.

"எங்க லேப் மேனேஜர் வேணும்னே மங்கலா குத்தி உட்டிருப்பான்ணா. நான் போறது அவனுக்குப் புடிக்கல," என்றாள்.

அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடிக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

"அவரில்லமா. நான்தான்."

தாளை வாங்கி மறுபடி ஸ்கேனரில் வைத்தேன். அதே நூற்றைம்பது டிபிஐ, இந்த முறை கிரே. சாம்பல் நிறத்தில் முத்திரை முழுசாக வந்தது, பெயரைப் படிக்க முடிந்தது. இரண்டு ஃபைலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் யாரோ கன்னடத்தில் அவசரப்படுத்தினார்கள்.

"என் தம்பி எடுத்ததுல முத்திரை தெரிஞ்சுதில்ல?"

"தெரிஞ்சுது. அதையே ஆப்புல கிரேயாக்கி, தரத்தக் கொறச்சிருந்தாக்கூட ஏறியிருக்கும்."

"இது எத்தன கேபிண்ணா?"

"முந்நூத்திப் பத்து."

"அவங்க எவ்ளோ வரைக்கும் வாங்குவாங்க?"

"ஐநூறு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"எடம் இருந்திருக்குது," என்றாள். "ரெண்டு மணி ஷிஃப்டுக்குப் போவணும்ணா, பஸ்ஸு போயிடும்."