மச்சான் போட்ட குறிப்பு

"நீங்க வர வேணாம்பா, நானே முடிச்சிட்டு வாரேன்" என்று தினேஸ்வரி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிவாதம் ஏறியது. மெல்பர்னில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்த பெண்ணுக்கு, கையுறைத் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டும் அப்பன் பக்கத்தில் நிற்பது கௌரவக் குறைச்சலாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பணம் என்னுடையது, வங்கிக் கணக்கு என் பெயரில், சம்பளச் சீட்டும் என்னுடையது. நான் இல்லாமல் யார் எதை மொழிபெயர்த்துக் கிழிக்கப் போகிறார்கள் என்று லீவு போட்டுவிட்டு, பீடோரிலிருந்து அவளோடு ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

படிப்புக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு வருடம் அங்கே தங்கிச் சாப்பிடப் பணம் இருக்கிறதென்று விசா அதிகாரிக்கு நாங்கள் காட்ட வேண்டும். தாள்கள் மலாயில் இருப்பதால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விசா இல்லை. என் சேமநிதியிலிருந்து எடுத்தது பெரும்பங்கு. மீதி முப்பதாயிரம் ரிங்கிட் என் மனைவி கலாதேவியின் தம்பி ஜெயபாலன் அனுப்பியது. ஆயர் தாவாரில் பழைய கார் வாங்கி விற்கிறவன். அவனிடம் கடனாகத்தான் கேட்டேன். கடன் என்றுதான் வீட்டிலும் கோயில் கமிட்டியிலும் சொல்லி வைத்திருந்தேன். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவன் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் பெர்னடெட்டின் அலுவலகம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். தாள்களை முன்னமே தினேஸ்வரி வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். பாதி வேலை முடிந்திருந்தது. "சில இடம்தான் சரிபார்க்கணும். தங்கச்சி இருந்தா போதும், அண்ணே கீழ போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்களேன்" என்றார் அந்த அம்மா. என்னை வெளியே தள்ளப் பார்க்கிறார்கள் என்று பட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். பெர்னடெட் என் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலில் சம்பளச் சீட்டு. KLM என்றிருப்பதை மிகைநேர வேலை என்று போட்டிருந்தார். E.KHD என்ற ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். எலாவுன் கெஹாடிரான், ஒரு நாள்கூட லீவு போடாமல் வேலைக்கு வந்தால் கிடைக்கும் படி என்று நான் சொன்னேன். இன்றைக்கு இங்கே வந்து உட்கார்ந்ததில் இந்த மாதம் அது போச்சு என்பதையும் மகள் காதில் விழும்படி சேர்த்துக்கொண்டேன். பெர்னடெட் அதோடு விடவில்லை. ஊகித்து எழுத முடியாது என்று சொல்லி, என் கம்பெனி சம்பளப் பிரிவுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் எழுதினார்.

பிறகு வங்கி ஸ்டேட்மெண்ட். எண்ணுக்குப் பின்னால் கூட்டல் குறி இருந்தால் வரவு, கழித்தல் குறி இருந்தால் செலவு. அதை அப்படியே வைத்து, அடியில் ஒரு விளக்கம் கொடுத்திருந்தார். சுருக்கெழுத்துகளை மூலத்தில் உள்ளபடியே விட்டு, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் விரித்து எழுதியிருந்தார். PNDHN என்றால் பிண்டாஹான், பணமாற்று. KWSP என்றால் சேமநிதி வாரியம். ரிங்கிட்டை ஆஸ்திரேலிய டாலராக மாற்றிப் போட்டால் அதிகாரிக்குச் சுலபமாக இருக்குமே என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். தாளில் RM என்றுதான் இருக்கிறது, அது மலேசிய ரிங்கிட் என்று ஒரு குறிப்புப் போடலாம், தொகையை மாற்றுவது மொழிபெயர்ப்பு ஆகாது, டாலர் கணக்கைப் பெண் தன் விண்ணப்பத்தில் அன்றைய விலையோடு தனியாகக் காட்டட்டும் என்றார்.

அடுத்த வரிக்கு வந்ததும் அந்த அம்மா தயங்கினார். "படிங்க" என்றேன்.

"பணமாற்று. அனுப்பியவர் ஜெயபாலன். முப்பதாயிரம் ரிங்கிட், வரவு. அனுப்பியவர் போட்ட குறிப்பு..." பெர்னடெட் விரலால் காட்டினார். நானே பார்த்தேன். செடெக்கா.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தர்மம். இல்லாதவனுக்குப் போடுவது. செவி இரண்டும் சுட்டன. போனில் பணம் அனுப்பும்போது எதற்கு என்று ஒரு வார்த்தை தட்டியாக வேண்டும். அத்தனை வார்த்தை இருக்க, என் மச்சான் எனக்கு இதைத் தட்டியிருக்கிறான். அந்தத் தாளை விசா அதிகாரி பார்ப்பான். அதற்கும் முன்னால் என் மகள் பார்க்கிறாள்.

"கடன்னு போடுங்க" என்றேன்.

முடியாது என்றார் பெர்னடெட். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் பெயர், முகவரி, கையெழுத்து, உள்ளதை உள்ளபடி எழுதினேன் என்ற உறுதிமொழி இருக்கிறதாம். சரி, அன்பளிப்பு என்றாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன்.

"அண்ணே, அன்பளிப்புன்னா ஹடியான்னு இருக்கணும். இதுல இல்லையே. கடன்னு நான் பொய்யா எழுதினாலும் உங்களுக்குத்தான் கஷ்டம்லா. திருப்பிக் குடுக்க வேண்டிய காச விசா அதிகாரி எப்படி உங்க காசுன்னு எடுத்துக்குவான்? உங்க மச்சான்கிட்ட ஒரு கடிதம் வாங்குங்க. இந்தக் காசு திரும்ப வேணாம்னு அவர் எழுதிக் குடுத்தா போதும்."

அவனிடமே போய்க் கேட்க வேண்டும். எனக்குப் போட்டது தர்மம்தான் என்று எழுதிக் கொடுடா என்று நானே வாய் திறந்து கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் போக முடியாது.

மாடிப்படி இறங்கிக் கடை வாசல் நடையில் நின்று போன் போட்டேன். திட்டத்தான் போட்டேன். ஏன்டா அப்படித் தட்டினாய் என்று மட்டும்தான் வந்தது.

ஜெயபாலன், "மச்சான், கோவிச்சுக்காதீங்க. பிஞ்ஜாம், கடன்னு போட்டா, வியாபாரம் படுத்த அன்னைக்கு நானே வந்து கேட்டுருவேன். எனக்கு என்னையத் தெரியும். ஹடியான்னு போட்டா அக்கா எதையாச்சும் அடகு வச்சுத் திருப்பிக் குடுக்கும். செடெக்காவ யாரும் கேக்கவும் மாட்டாங்க, திருப்பவும் மாட்டாங்க. அதான் போட்டேன்" என்றான். கடிதத்தை இன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவதாகவும் சொன்னான்.

நன்றி சொல்லாமலே சரி என்று வைத்துவிட்டேன்.

மேலே வந்தபோது தினேஸ்வரி வாசலில் நின்றிருந்தாள். கடிதம் வரும் என்றேன். உள்ளே பெர்னடெட் அச்செடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, தப்பா நினைக்காதீங்க அண்ணே என்று ஆரம்பித்தார். இந்த வரியைப் போன வாரமே கவனித்து மகளிடம் கேட்டாராம். இருப்பதை அப்படியே எழுதுங்கள், ஆனால் எங்கப்பா முன்னால் மட்டும் வாசிக்காதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டாளாம்.

நான் மகளைப் பார்த்தேன். அவள்தானே ஸ்டேட்மெண்டை வங்கியின் இணையப் பக்கத்திலிருந்து இறக்கினாள். என்னைவிட முன்னாலேயே பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகும் நான் மாமாவிடம் கடன் வாங்கிய பெருமையைச் சாப்பாட்டு மேசையில் பேசும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"அதுக்குத்தான்பா வர வேணாம்னு சொன்னேன்" என்றாள்.

என்னால் அவளுக்கு வெட்கம் என்று நினைத்துத்தான் பஸ் ஏறி வந்தேன். அவளோ நான் வெட்கப்படக் கூடாதென்று இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். அந்தத் தாளில் இருந்த சொல் சுட்டதைவிட இது சுட்டது.

பெர்னடெட் பக்கங்களில் முத்திரை குத்தி ஃபைலில் போட்டுக் கொடுத்தார். மொழிபெயர்ப்புக் கூலியைத் தினேஸ்வரி கொடுக்கப் போனாள். தடுக்கக் கை எழுந்தது, பிறகு விட்டுவிட்டேன். பஸ்ஸில் அவள் மறுபடியும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அது கடன் இல்லையென்று அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் தலையசைத்து, ஃபைலை என் மடியில் வைத்தாள்.