பத்து நாள் தள்ளுபடி

பணம் கொடுப்பதென்றால் என் அண்ணனுக்குப் பல் பிடுங்குவது மாதிரி. யாரையும் ஏமாற்றமாட்டான். கடைசி நாள்வரை இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பான். சமையலறை அலமாரி செய்யும் பட்டறை அவனுடையது. மாடியறையில் மரத்தூளுக்கு நடுவே கணக்குப் பார்ப்பது நான்.

சப்ளையர் பில்களை வாராவாரம் ஒரு பேட்ச்சாகச் சேர்த்து பேங்க்கில் ஏற்றுவேன். ஆனால் அண்ணன் தன் போனில் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் போகும். அவனைத் துரத்துவதிலேயே என் பாதி உயிர் போய்க்கொண்டிருந்தது.

பலகை சப்ளையர் பில்லில் ஒரு வரி உண்டு. பில் தேதியிலிருந்து பத்து நாளுக்குள் பணம் வந்து சேர்ந்தால் இரண்டு சதவீதம் தள்ளுபடி. இல்லாவிட்டால் முப்பது நாளுக்குள் முழுத்தொகை. எட்டு லட்சம் பில்லுக்குப் பதினாறாயிரம் மிச்சம். ஓவர்டிராஃப்டில் எடுத்துக் கட்டினாலும் அந்த இருபது நாளுக்கு வட்டி ஐந்தாயிரத்துச் சொச்சம்தான். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அண்ணனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

"சரி, மூணு பேட்ச் பண்ணிக்காட்டு. மூணுலயும் தள்ளுபடியப் பிடிச்சிட்டா, ஒப்புதல் உன் பேருக்கே மாத்தித் தரேன்" என்றான்.

வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். எல்லா பில்லையும் முன்கூட்டியே கட்டினால் சம்பள நாளன்று கை காய்ந்துவிடும். அதனால் தள்ளுபடி தருகிறவர்களை மட்டும் முன்னால் வைத்தேன். கீல், கைப்பிடி கொடுப்பவர் ஒரு காசு தள்ளுபடி தருவதில்லை. அவருடைய பில்லை, கெடு தாண்டாமல், எங்களிடம் அலமாரி வாங்கும் கட்டடக்காரரின் பணம் வரும் வாரத்துக்குத் தள்ளினேன். சம்பளம் போன பிறகும் ஓவர்டிராஃப்ட் வரம்புக்குள்ளேயே நின்றது. இரண்டு பேட்ச் முடிந்தது. இரண்டிலும் தள்ளுபடி கிடைத்தது.

மூன்றாவதில் பலகை பில்லின் பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் இரண்டாம் சனி; இரண்டு நாளும் பேங்க் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே தள்ளுபடியைக் கழித்து பேட்ச்சை ஏற்றிவிட்டு, "மூணு மணிக்குள்ள ஒப்புதல் குடுத்துடு. அதுக்கப்புறம் குடுத்தா திங்கட்கிழமைதான் போகும்" என்று அவனிடம் இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினான்.

திங்கட்கிழமை காலை அண்ணன் சீட்டியடித்துக்கொண்டு மாடியேறி வந்தான்.

"நேத்து ராத்திரிதான் ஒப்புதல் குடுத்தேன். பத்தாம் நாள் நேத்துதானே? உன்கிட்ட விட்டிருந்தா வெள்ளிக்கிழமையே அனுப்பியிருப்பே. மூணு நாள் வட்டி மிச்சம்!"

மூன்று நாள் வட்டி எழுநூற்றைம்பது சொச்சம் இருக்கும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பதினாறாயிரத்தை விட்டிருக்கிறான். மதியம் பலகைக் கம்பெனியின் கணக்காளர் போன் செய்தார்.

"பணம் இன்னைக்குதாங்க வந்திருக்கு. தள்ளுபடி செல்லாது. பதினாறாயிரம் பாக்கி நிக்குது."

அண்ணனிடம் சொன்னேன். அசரவில்லை. "அதுக்கு இன்னும் நாள் இருக்கே. மெதுவாக் கட்டலாம்."

"ஒப்புதல் விஷயம்?"

"மூணுல ரெண்டுதானே பிடிச்சே? பேச்சுன்னா பேச்சும்மா."

"மூணாவதக் கெடுத்தது நீ!"

"நான் பார்த்துக்கிட்டதாலதான் வட்டியாவது மிஞ்சிச்சு. இப்பத் தெரியுதா, ஒப்புதல் ஏன் என்கிட்ட இருக்கணும்னு?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. கூடப் பிறந்தவனாகப் போய்விட்டான், இல்லாவிட்டால் அன்றே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு, அடுத்த மாதம் முழுவதும் ஒவ்வொரு பில்லையும் அவன் ஆசைப்படி கெடு நாளன்றே பேட்ச்சில் வைத்தேன். யாரும் யாரையும் துரத்தவில்லை. அலுவலகம் அமைதியாக இருந்தது.

மாதக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவனே வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஏம்மா, பலகை மட்டும் மூணு லோடு வந்திருக்கு. ஒண்ணுக்குக்கூடத் தள்ளுபடி விழலையே? கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் போச்சே! நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"நீ சொன்னதைத்தான் பண்ணினேன்" என்றேன். "எனக்கு அலுத்துப்போச்சுண்ணா. கணக்கு என்னுது, பழி என்னுது, பொத்தான் மட்டும் உன்னுது. இனிமே என்னால முடியாது. ஒண்ணு இதுல கையெழுத்துப் போடு, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கோ."

பேட்ச் ஒப்புதலை என் பெயருக்கு மாற்றும் பேங்க் படிவத்தை அவன் முன்னால் வைத்தேன். வரிவரியாகப் படித்தான். பிறகு பெருமூச்சு விட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினான்.

பேனா முனை தாளைத் தொடும்போது நிறுத்தி, தலையை நிமிர்த்தினான்.

"இதைக் குடுக்கக் கடைசித் தேதி என்ன?"