ஒரு வரி கீழே இறங்கிய சொல்

டெங்கிக் காய்ச்சலிலிருந்து எழுந்த பிறகு குமுதினிக்கு உலகம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. யாராவது பேசினால் முதலில் உதடுகள் அசைந்தன, சற்றுப் பொறுத்துத்தான் குரல் வந்தது. சிரம்பானில் அவள் வேலை பார்த்த வழக்கறிஞர் அலுவலகத்தில் இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் சுவா ஊருக்கு உள்ளே இருந்த எஸ்டேட்டு மக்களின் ஒப்பந்தம் அன்று கையெழுத்தாக வேண்டும். இரண்டு வருடம் இழுத்த விஷயம். அதைக் கையில் எடுத்தவள் அவள்தான், முடித்து வைக்கவும் அவளே போகவேண்டும் என்று நினைத்தாள்.

நிலத்தை விற்கப்போகும் கம்பெனி, பக்கத்திலேயே வரிசை வீடுகள் கட்டித் தர ஒப்புக்கொண்டிருந்தது. யார் யாருக்கு வீடு என்பதில்தான் இத்தனை நாள் பேச்சு. எஸ்டேட் சாலையில் கார் ஊர்ந்தபோது செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை வரிசைகள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்து, பக்கத்தில் நின்று, மறுபடியும் மூட்டத்துக்குள் போயின. கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதே பச்சைதான். ஓர் இடத்தில் தான் ஓட்டுகிறோமா, யாராவது ஓட்டுகிற காரில் உட்கார்ந்திருக்கிறோமா என்று குழம்பி, காரை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போனாள்.

கோயில் மண்டபத்தில் ஜனம் நிறைந்திருந்தது. பண்டிகைக்கு உடுத்துவதைப் போல உடுத்தி வந்திருந்தார்கள். கம்பெனி மேனேஜர் மேசை ஓரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கம்பெனியின் வழக்கறிஞர் ஜெயசங்கர், குமுதினியோடு சட்டம் படித்தவன்; இருவர் வீட்டிலும் யாழ்ப்பாணத் தமிழ்தான்.

"ஏன் வந்தனி? முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு," என்றான்.

"முடிச்சிட்டுப் போய் படுக்கிறன்."

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் புனிதன் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். வெளியில் லோரி ஓட்டுபவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பிறந்தது இந்த எஸ்டேட்டில்தான். மனைவியின் வேலைக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும் சில வருடங்களுக்கு முன் மந்தின் ஊரில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். போனாலும் தலைவர் பதவியை ஜனங்கள் அவரிடமிருந்து வாங்கவில்லை. ஆபீஸ் ஆபீஸாக அலையவும், மலாயில் நிமிர்ந்து பேசவும் அவரைவிட்டால் ஆள் இல்லை. சங்கத்துக்காக அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்துக்கு முன் முக்கியமான பிரிவுகளைத் தமிழில் சொல்லிக் காட்டுவதாகக் குமுதினி வாக்குக் கொடுத்திருந்தாள். எழுந்து நின்று தொடங்கினாள். விசிறி சுற்றும் சத்தம் கடலைப் போல ஏறி இறங்கியது. தன் குரலே மண்டபத்தின் மறுகோடியிலிருந்து வருவதாகப் பட்டது. அப்படியே மிதந்துகொண்டு ஐந்தாம் பிரிவுக்கு வந்தாள். தமிழில் எழுதினால் அது இப்படி இருக்கும்:

தகுதியுள்ள குடியிருப்பாளர் என்பவர்—
(அ) இந்த எஸ்டேட்டில் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்தவர்;
(ஆ) இந்த எஸ்டேட்டில் பிறந்து—
    (i) இப்போதும் இங்கே வசிப்பவர், அல்லது
    (ii) வேறு வீடு சொந்தமாக இல்லாதவர்;
(இ) இங்கே பத்து ஆண்டுகள் வேலை செய்து இறந்தவரின் வாழ்க்கைத் துணை.

முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். மூன்றாவதற்குப் போகும் இடத்தில் வாய் நின்றுவிட்டது. அங்கே ஓர் அரைப்புள்ளி மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் சொல் எதுவும் இல்லை. கண் அதைத் தாண்டிப் போய்விடும், இரண்டு நாளைக்கு முன் படுக்கையில் படுத்தபடி இறுதிப் பிரதியைச் சரிபார்த்தபோது அவள் கண்ணும் தாண்டித்தான் போயிருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லும்போது, "சொந்த வீடு இருக்கக்கூடாது" என்பதற்கும் அடுத்ததற்கும் நடுவில் எதையாவது போட்டே ஆகவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் என்று சொல்வதா, அதோடு கூட என்று சொல்வதா?

முன்வரிசையில் இருந்த பஞ்சாலை நிமிர்ந்து பார்த்தாள். இந்த எஸ்டேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், சிரம்பானில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்பவள். ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியதும் பிறகு செம்பனைப் பழக்குலை அறுத்ததும் அவளுடைய புருஷன். அவர் இறந்து நான்கு வருடமாகிறது. கடைசி வரி அவளைப் போன்றவர்களுக்காகவே சேர்த்தது.

"ஏம்மா நிறுத்திட்டீங்க? மயக்கமா வருதா?" என்றாள் பஞ்சாலை.

"இல்லக்கா."

"அப்ப சொல்லுங்க. இந்த மூணுல ஒண்ணு இருந்தா போதும்தானே? எனக்குக் கடைசி ஒண்ணுதான் இருக்கு."

போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பேசி முடித்தது அதுதான், எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த எஸ்டேட்டை வாங்கப்போகிறவர்கள் அந்தப் பேச்சில் உட்கார்ந்தவர்கள் இல்லை. அவர்கள் கையில் காகிதம்தான் இருக்கும்.

"அக்கா, பேசினது அப்படித்தான். ஆனா இந்தக் காகிதம் அதைச் சொல்லலை. நான் பார்த்திருக்கணும், பார்க்காம விட்டுட்டேன். இதைச் சரிபண்ணாம யாரும் சைன் பண்ண வேணாம்," என்றாள் குமுதினி.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. மேனேஜர் கைப்பேசியை மேசையில் வைத்தார். ஜெயசங்கர் அவளுடைய பிரதியை இழுத்து ஐந்தாம் பிரிவைப் படித்தான். அவன் முகம் மெல்ல மாறியது.

"அந்த 'ஆர்' இருக்கே," என்றான், ஆங்கிலப் பிரதியில் 'அல்லது' இருந்த இடத்தைத் தொட்டு.

"இருக்கு. ஒரு வரி மேல நிக்குது."

எப்படி நேர்ந்தது என்று இருவருக்கும் உடனே புரிந்தது. முதலில் இரண்டாவது வகை ஒரே வரியாகத்தான் இருந்தது: இங்கே பிறந்து இங்கே வசிப்பவர்; அல்லது. அந்த 'அல்லது' அந்த வரிக்கு மட்டும் உரியதல்ல. கடைசிக்கு முந்திய வகையின் முடிவில் அரைப்புள்ளிக்குப் பின் நின்று, மூன்று வகையையும் ஒன்றாகக் கட்டுவது அது. மூன்றில் எது இருந்தாலும் போதும் என்று சொல்வது. பிறகு, கடைசிக் கூட்டத்தில், வேறு வீடு சொந்தமாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையைக் கம்பெனி கேட்டது. அதற்காக அந்த வரியை யாரோ இரண்டாக உடைத்தபோது, 'அல்லது' பழைய வரியின் முனையிலேயே தங்கிவிட்டது. இப்போது அது மூன்று வகைகளைக் கட்டவில்லை. உள்ளே இருந்த இரண்டு சின்ன வரிகளைக் கட்டிக்கொண்டு நின்றது. வெளியே மூன்று வகைகளும் வெறும் அரைப்புள்ளியோடு, ஒன்று போதுமா மூன்றும் வேண்டுமா என்று சொல்லாமல் கிடந்தன.

"கோர்ட்டுக்குப் போனா நோக்கத்தைப் பார்ப்பாங்க, குமுதினி."

"பஞ்சாலையக்கா ஏன் கோர்ட்டுக்குப் போகணும், ஜெய்?"

அவன் பேனாவை எடுத்துப் பிரதியின் ஓரத்தில் எழுதிக் காட்டினான். "சரி. 'ஆர்' கீழே இறங்கி ரோமன் இரண்டுக்குப் பின்னால வரும், அங்கதான் 'ஆ' முடியுது. அப்ப ரோமன் ஒன்றுக்குப் பின்னால 'அண்ட்' வரும். ரெண்டும் வேணும்னுதானே பேசினோம்?"

"ஓம். அப்படித்தான் பேசினது."

சொன்ன பிறகுதான் அவள் புனிதனைப் பார்த்தாள். அவர் தன் பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் பிரிவு இருந்த பக்கம் மற்றப் பக்கங்களைவிடக் கசங்கியிருந்தது.

தலைமையகத்தைக் கேட்காமல் ஓர் எழுத்தையும் மாற்றமுடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஜெயசங்கர் கைப்பேசியோடு வாசலுக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழையில் பேச்செல்லாம் கரைந்தது. பெண்கள் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். குமுதினி சுவரில் தலை சாய்த்தாள். கண் சொக்கியது. மழைக்கு அப்பால் செம்பனைகள் கூட்டமாக நெருங்கி வந்து மண்டபத்துக்குள் எட்டிப் பார்ப்பதாகத் தோன்றியது. பிறகு அவை விலகிப்போய் வெறும் வெள்ளையாயிற்று. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல், "மேடம்," என்றது.

புனிதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த 'ஆர்' அங்கயே இருந்தா எனக்கு வீடு இருக்கு மேடம். பொறந்தது இங்க. சொந்த வீடு கிடையாது. இறங்கிப்போச்சுன்னா எனக்கு இல்ல."

"முன்னாடியே பார்த்தீங்களா, அண்ணே?"

"அக்ரிமெண்ட் காப்பி கையில வந்த அன்னைக்கே பார்த்தேன்." அவர் மழையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "யாரோ தெரியாம செஞ்சது, நான் செய்யல. சாமி போட்ட வரின்னு நெனச்சேன். வீடு கெடச்சிரும்னு வீட்டுலகூட சொல்லிட்டேன். ஆனா மத்தவங்களுக்கு இது கெடுதல்னு எனக்குத் தோணல மேடம், சத்தியமா. எனக்கு வேண்டிய இடத்த மட்டும் படிச்சேன்."

குமுதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு வருடமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் லோரியில் ஆட்களை ஏற்றிவந்தவர் அவர். இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும் என்று கம்பெனி பிடிவாதம் பிடித்தபோது, மற்றவர்களுக்காக அதற்குத் தலையாட்டியவரும் அவர்.

"மேலயும் ஒரு 'ஆர்', கீழயும் ஒரு 'ஆர்' போட முடியாதா?" என்று கேட்டார்.

"எழுத முடியும். நல்ல இங்கிலீஷ்தான். ஆனா பேசினது அது இல்லையே. அவங்களும் ஒத்துக்க மாட்டாங்க, இன்னைக்கு எல்லாமே நின்னு போகும்."

அவர் தலையசைத்தார்.  மழை தணியத் தொடங்கியபோது ஜெயசங்கர் ஈரச் சட்டையோடு உள்ளே வந்து, "ஓக்கே. பேனாவாலேயே திருத்தலாம். ஆனா ரெண்டு திருத்தமும் சேர்த்துத்தான்," என்றான்.

ஒவ்வொரு பிரதியிலும் குமுதினி மேல் வரியின் 'ஆரை' அடித்து 'அண்ட்' எழுதினாள். கீழ் வரியில் அரைப்புள்ளிக்குப் பின்னால் 'ஆர்' எழுதினாள். மேனேஜர் ஓரத்தில் இனிஷியல் போட்டுத் தள்ளிவைத்தார். பிரதிகள் புனிதனிடம் போயின. அவர் பேனாவைப் பிடித்தபடி அந்த இரண்டு வரிகளையும் பார்த்தார். பஞ்சாலை ஒன்றும் தெரியாமல், "கையெழுத்துப் போடுங்கலா அண்ணே, சீக்கிரம்," என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார். முதல் திருத்தத்துக்குப் பக்கத்தில் போட்டார். இரண்டாவதன் பக்கத்தில் போட்டார். மற்றப் பிரதிகளில் கை தயங்கவில்லை.

குமுதினி மறுபடியும் எழுந்து ஐந்தாம் பிரிவைத் தமிழில் சொன்னாள். இந்த முறை கடைசி வகைக்கு முன் "இல்லன்னா" என்ற சொல்லைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். பஞ்சாலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளைச் சுற்றி இருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

வீடுகள் எழும்ப ஒரு வருடம் பிடித்தது. பஞ்சாலைக்கு மூலை வீடு விழுந்தது. புனிதன் அந்தத் திருத்தத்தைப் பற்றி எஸ்டேட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை, குமுதினியும் சொல்லவில்லை. அவளும் மந்தினில் இருப்பவள்தான், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சில நேரம் அவரைப் பார்ப்பாள். கையெழுத்தான அந்த மாதமே ஒருநாள் பசார் நெரிசலில் அவரும் அவர் மனைவியும் அவளுக்கு எதிரே வந்தார்கள். புனிதன் மனைவியிடம், "நான் சொன்னேனே, அந்த மேடம்," என்றார். அந்தப் பெண் குமுதினியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று குமுதினிக்குப் பிடிபடவில்லை.

"ஒடம்பு தேறிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள், தன் கூடையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து நீட்டியபடி.

குமுதினி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.